‘11 மாசம் கட்டுங்க, 12-வது மாசம் நாங்க கட்டறோம்’: திருப்பூரில் களைகட்டும் தீபாவளி நகைச்சீட்டு... அந்த போனஸ் உண்மையில் எவ்வளவு?

 தீபாவளிக்குச் சில நாட்கள் முன்புதான் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் போனஸ் போடும் நேரம். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவரோடு ஷிப்ட் முடிந்து வெளியே வருபவர்களுக்காக, கேட் பக்கத்திலேயே நகைக்கடை ஊழியர்கள் நோட்டீஸோடு நிற்பார்கள்.

"அக்கா, மாசம் ரெண்டாயிரந்தானுங்க. பதினோரு மாசம் கட்டுங்க, பன்னெண்டாவது மாசம் நாங்க கட்டறோம். அடுத்த தீபாவளிக்கு நகையா வாங்கிக்கலாங்க. இன்னிக்கே சேர்ந்தா வெள்ளிக் காசு வேற தர்றோங்க!"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெண்ணுக்குக் காதுகுத்து, தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர் என்று ஏதோ ஒரு தேவை எல்லா வீட்டிலும் உண்டு. கையில் போனஸ் பணமும் இருக்கிறது. 2025 ஜனவரியில் 57 ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்த ஒரு சவரன் ஆபரணத் தங்கம், அந்த ஆண்டு அக்டோபரில் 90 ஆயிரத்தைத் தாண்டியது. ‘இப்போ விட்டா அப்புறம் வாங்கவே முடியாது’ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது.

ஆனால் அந்த நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருப்பது போனஸ் மட்டும்தான். அந்தப் போனஸ் கைக்கு முழுசாக வருமா, பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும், கடையையே மூடிவிட்டால் யாரிடம் போவது என்பதெல்லாம் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். சில இடங்களில் அதுவும் இருக்காது. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு விஷயம்: இது ‘சீட்டு’ இல்லை

பேச்சு வழக்கில் ‘நகைச்சீட்டு’ என்கிறோம். ஆனால் சட்டப்படி இது சீட்டே அல்ல. ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு நடத்துபவர்கள் 1982-ம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும், அவரிடம் பிணைத்தொகை கட்ட வேண்டும். நகைக்கடைத் திட்டத்துக்கு அது பொருந்தாது.

இது வங்கி டெபாசிட்டும் இல்லை. வங்கி திவாலானால் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. நகைக்கடையில் கட்டிய பணத்துக்கு அப்படி ஒரு காப்பீடு கிடையாது.

அப்படியானால் இது என்ன? ‘நாளைக்கு வாங்கப்போகும் நகைக்கு இன்றைக்கே கொடுக்கும் முன்பணம்.’ அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால், மற்ற விதிகள் எல்லாம் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானாகப் புரியும்.

ஏன் எல்லாக் கடையிலும் 11 மாதம்?

முன்பெல்லாம் 12 மாதம், 15 மாதம், 18 மாதம் என்று விதவிதமாகத் திட்டங்கள் இருந்தன. 2014 ஏப்ரல் 1-ம் தேதி கம்பெனிகள் சட்டத்தின் புதிய டெபாசிட் விதிகள் நடைமுறைக்கு வந்ததும் கதை மாறியது.

அந்த விதி சொல்வது இதுதான். பொருள் தருவதாகச் சொல்லி ஒரு கம்பெனி முன்பணம் வாங்கலாம். ஆனால், வாங்கிய 365 நாட்களுக்குள் அந்தப் பணத்துக்குரிய பொருளைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட வேண்டும். முடிக்காவிட்டால் அது முன்பணம் அல்ல, ‘டெபாசிட்’. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதற்குக் கடுமையான நிபந்தனைகள் இருக்கின்றன. அதனால்தான் டாடா குழுமத்தின் தனிஷ்க்கூட அந்த ஆண்டு தன் பழைய சேமிப்புத் திட்டத்தை நிறுத்தி, காலத்தைக் குறைத்து மறுபடி தொடங்கியது.

365 நாள் என்பது ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக ஓடும் கணக்கு. முதல் தவணைதான் முதலில் ‘வயசாகும்’. அதற்குள் நகை வாங்கியாக வேண்டும் என்பதால்தான் 10 அல்லது 11 தவணையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. ‘அடுத்த தீபாவளிக்கு நகை’ என்பதுதான் விளம்பரம். 2025-ல் தீபாவளி அக்டோபர் 20. 2026-ல் தீபாவளி நவம்பர் 8. 2025 அக்டோபர் 11-ம் தேதி முதல் தவணை கட்டியவருக்கு, 365 நாள் 2026 அக்டோபர் 11-ம் தேதியே முடிந்துவிடும். அதாவது தீபாவளிக்கு நாலு வாரம் முன்னாடியே நகையை எடுத்தாக வேண்டும். ‘அடுத்த வருஷ போனஸையும் சேர்த்துப் போட்டு பெரிய நகையா எடுத்துக்கலாம்’ என்று திட்டமிடுபவர்கள் இந்தத் தேதியைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

சரி, போனஸ் கணக்குக்கு வருவோம்

பவர் டேபிளில் தைக்கும் ஒரு பெண் மாதம் 2,000 ரூபாய் திட்டத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 11 தவணைக்கு 22,000 ரூபாய். 12-வது மாதத் தவணையைக் கடை போடுகிறது. மொத்தம் 24,000.

இந்த 2,000 ரூபாய் நல்ல லாபமா? ஆமாம், நல்ல லாபம்தான். முதல் தவணை மட்டும்தான் கடையிடம் 11 மாதம் இருக்கிறது. இரண்டாவது தவணை 10 மாதம், கடைசித் தவணை ஒரே ஒரு மாதம். சராசரியாகப் பார்த்தால் 22,000 ரூபாய் 6 மாதம் கடையிடம் இருந்ததற்குச் சமம். 6 மாதத்துக்கு 2,000 என்றால், ஆண்டுக் கணக்கில் சுமார் 18%. வங்கியில் ஆர்.டி. போட்டு ஆண்டுக்கு 6.5% வட்டி கிடைத்தால், இதே பணத்துக்கு வருவது 715 ரூபாய்தான்.

கடைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? வட்டிக்குக் கடன் வாங்காமலே தொழிலுக்குப் பணம் கிடைக்கிறது. அதைவிட முக்கியம், பணம் கட்டியவர் வேறு கடைக்குப் போக முடியாது. பில் போடும் இடம் முன்கூட்டியே முடிவாகிவிட்டது. அந்தப் பில்லில்தான் விஷயமே இருக்கிறது.

பில்லில் காணாமல் போகும் போனஸ்

ஒரு நகையின் விலை மூன்று பகுதி. தங்கத்தின் எடைக்கான விலை முதல் பகுதி. அதன்மேல் சேதாரம், செய்கூலி. இந்த இரண்டையும் கூட்டிய தொகைக்கு 3% ஜிஎஸ்டி. தங்கத்தின் விலை எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைக்குக் கடை மாறுவது சேதாரம்.

கணக்கு எளிதாக இருப்பதற்காக ஒரு கிராம் 11,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பெண் 2 கிராமில் ஒரு ஜோடி கம்மல் எடுக்கிறார். தங்கத்தின் விலை 22,000.

சீட்டு போட்ட கடையில் அந்தக் கம்மலுக்குச் சேதாரம் 14% என்றால் 3,080 ரூபாய். கூட்டினால் 25,080. ஜிஎஸ்டி 752. மொத்தம் 25,832. சீட்டில் இருக்கும் 24,000 போக, அவர் கையிலிருந்து போட வேண்டியது 1,832 ரூபாய்.

இப்போது இன்னொரு வழி. அதே 2,000-த்தை மாதாமாதம் வங்கி ஆர்.டி.யில் போட்டிருந்தால் கையில் 22,715 இருக்கும். நாலு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி, அதே மாதிரிக் கம்மலை 8% சேதாரத்தில் வாங்குகிறார். சேதாரம் 1,760. கூட்டினால் 23,760. ஜிஎஸ்டி 713. மொத்தம் 24,473. கையிலிருந்து போட வேண்டியது 1,758 ரூபாய்.

அதாவது 2,000 ரூபாய் போனஸ் கிடைத்தும், சீட்டு போட்டவர்தான் 74 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். போனஸ் எங்கே போனது? 14-க்கும் 8-க்கும் நடுவில் இருக்கும் 6% சேதாரத்தில் போய்விட்டது.

இதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை. சொன்ன போனஸைக் கடை கொடுத்துவிட்டது. சேதாரத்தையும் பில்லில் காட்டிவிட்டது. சேரும்போதே ‘உங்க கடையில் கம்மலுக்கு எத்தனை பர்சென்ட் சேதாரம்?’ என்று கேட்காததுதான் பிரச்சனை.

‘சேதாரம் இல்லை’ திட்டம் பரவாயில்லையா?

2014-க்குப் பிறகு பல கடைகள் 12-வது தவணை போனஸை விட்டுவிட்டு, ‘முதிர்வில் சேதாரம் இல்லை’ என்ற திட்டத்துக்கு மாறிவிட்டன. கணக்குப் பார்த்தால் வாடிக்கையாளருக்கு இது பெரும்பாலும் கூடுதல் லாபம்.

மேலே சொன்ன அதே கம்மலுக்குச் சேதாரம் முழுவதும் தள்ளுபடி என்றால், 22,000-க்கு ஜிஎஸ்டி 660 மட்டும் கட்டினால் போதும். 14% சேதாரம் கொடுத்து வாங்குவதோடு ஒப்பிட்டால் 3,172 ரூபாய் மிச்சம்.

ஆனால் இதிலும் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, உச்சவரம்பு. ‘14% வரை சேதாரம் இல்லை’ என்று இருந்தால், 20% சேதாரமுள்ள வேலைப்பாட்டு நகைக்கு மீதி 6% நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ‘வரை’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது விஷயம்.

இரண்டு, எடை. தள்ளுபடி உங்கள் சேமிப்புக்குச் சமமான எடைக்கு மட்டும்தான் என்று பல கடைகளில் விதி இருக்கும். 2 கிராம் சேர்த்துவிட்டு 8 கிராம் செயின் எடுத்தால், மீதி 6 கிராமுக்கு முழுச் சேதாரம் விழும். ‘சீட்டு முடிஞ்சுது, கொஞ்சம் மேல போட்டு ஒரு சவரனா எடுத்துக்கங்க’ என்று கவுன்ட்டரில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று, எந்த நகைக்கு. தங்கக் காசு, வைரம், கல் வைத்த நகைகளுக்குத் தள்ளுபடி கிடையாது என்று இருக்கலாம். கல் நகையில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கல்லின் எடையைக் கழித்து, தங்கத்தின் நிகர எடைக்கு மட்டும் தங்க விலை போட்டிருக்கிறார்களா என்று பில்லில் பாருங்கள்.

ரூபாயா, கிராமா? இதுதான் பெரிய கேள்வி

போனஸைப் பற்றிப் பேசுபவர்கள் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் விலை இவ்வளவு வேகமாக ஏறும் காலத்தில், போனஸைவிட இதுதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

சில திட்டங்களில் நீங்கள் கட்டும் பணம் ரூபாயாகவே வரவு வைக்கப்படும். கடைசியில் அன்றைய விலைக்குத் தங்கம். வேறு சில திட்டங்களில், ஒவ்வொரு தவணையும் கட்டிய அன்றைக்கே அன்றைய விலையில் கிராமாக மாற்றி வரவு வைப்பார்கள்.

ஒரு கிராம் 9,000-ல் தொடங்கி, மாதம் 200 ரூபாய் வீதம் ஏறி, 11-வது மாதம் 11,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 கட்டியவருக்குக் கிராம் கணக்கில் மொத்தம் 2.209 கிராம் சேர்ந்திருக்கும். ரூபாய் கணக்கில் 22,000 ரூபாய்க்குக் கடைசியில் 2 கிராம்தான். போனஸ் 2,000-த்தைச் சேர்த்தாலும் 2.182 கிராம். போனஸே இல்லாத கிராம் திட்டம், போனஸ் உள்ள ரூபாய் திட்டத்தைவிட முன்னே நிற்கிறது.

விலை இறங்கினால் இது அப்படியே தலைகீழாகும். 11,000-ல் தொடங்கி 9,000-க்கு இறங்கினால், கிராம் கணக்குக்காரரிடம் அதே 2.209 கிராம்தான் இருக்கும். ரூபாய் கணக்குக்காரருக்குப் போனஸ் இல்லாமலே 2.444 கிராம் கிடைக்கும்.

விலை எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், எதில் சேர்கிறோம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். கண்டுபிடிப்பது சுலபம். தவணை கட்டியதும் தரும் ரசீதையோ, போனில் வரும் குறுஞ்செய்தியையோ பாருங்கள். அன்றைய விலையும் மில்லிகிராம் வரை எடையும் அதில் இருந்தால் கிராம் கணக்கு. ரூபாய் மட்டும் இருந்தால் ரூபாய் கணக்கு. ‘எல்லாம் ஒண்ணுதாங்க’ என்று வாயால் சொல்வது கணக்கில் வராது.

ஆர்டர் இல்லாமல் போய், தவணை நின்றால்?

திருப்பூரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50% வரி போட்டது. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த யூனிட்டுகளில் அப்போது வேலை குறைந்தது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்கு, ஆர்டர் இல்லை என்றால் அந்த வாரம் சம்பளமும் இல்லை. 11 மாதமும் தவறாமல் 2,000 கட்ட முடியுமா என்பது கடைக்காரர் கேட்கமாட்டார். நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாதியில் நிறுத்தினால் பெரும்பாலான கடைகளின் விதி மூன்று விஷயத்தைச் சொல்லும். போனஸோ, சேதாரத் தள்ளுபடியோ கிடையாது. கட்டிய பணத்தை ரொக்கமாகத் திருப்பித் தருவதில்லை, நகையாகத்தான் எடுக்க வேண்டும். அந்த நகையையும் திட்டக் காலம் முடிந்த பிறகுதான் எடுக்க முடியும். கடைக்குக் கடை இது மாறும் என்றாலும், மூன்றில் ஒன்றாவது அநேகமாக இருக்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம். மேலே பார்த்த உதாரணத்தில், 6 தவணையோடு நிறுத்திய ஒருவருக்குக் கிராம் கணக்கில் 1.265 கிராம் சேர்ந்திருக்கும். ‘பாதியில் நிறுத்தியவர்களுக்குக் கட்டிய தொகை மட்டுமே கணக்கில் கொள்ளப்படும்’ என்று விதி இருந்தால், அந்த எடை போய்விடும். அவர் கட்டிய 12,000 ரூபாய்க்கு, 11,000 ரூபாய் விலையில் 1.091 கிராம்தான் கிடைக்கும். சுமார் 1,900 ரூபாய் மதிப்புள்ள தங்கம் ஒரு வரி விதியில் கரைந்துவிடுகிறது. பிறகு நகை எடுக்கும்போது முழுச் சேதாரமும் கொடுக்க வேண்டும்.

வேலை நிச்சயமில்லாதவர்கள் 2,000 ரூபாய் திட்டத்தில் சேர்ந்து 6 மாதத்தில் நிற்பதைவிட, 1,000 ரூபாய் திட்டத்தில் சேர்ந்து 11 மாதமும் முடிப்பது லாபம். போனஸும் தள்ளுபடியும் முடித்தவர்களுக்கு மட்டும்தான். ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் இரண்டாகக் கட்டலாமா, அப்படிக் கட்டினால் முதிர்வுத் தேதி தள்ளிப்போகுமா என்பதையும் சேரும்போதே கேட்டுவிட வேண்டும்.

கடையையே மூடிவிட்டால்?

இதுவும் நடந்திருக்கிறது. சென்னையின் பழமையான நகைக்கடைகளில் ஒன்றான நாதெள்ளா சம்பத் ஜுவல்லரி 2017-ல் கடைகளை மூடியது. நகைச் சேமிப்புத் திட்டத்தில் பணம் கட்டியவர்கள் போலீஸில் புகார் கொடுத்தார்கள். வங்கியில் சுமார் 250 கோடி ரூபாய் கடன் மோசடி என்ற புகாரில் 2018-ல் சிபிஐ வழக்குப் பதிந்தது. 2019 தீபாவளி நேரத்தில் மும்பை, தானே பகுதியில் குட்வின் ஜுவல்லர்ஸ் கடைகள் மூடப்பட்டன. 2023 அக்டோபரில் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் பல ஊர்களில் கிளைகளை மூடியது. தங்கத் திட்டத்தில் அதிக லாபம் தருவதாகச் சொல்லி 100 கோடி ரூபாய் வசூலித்ததாக அமலாக்கத்துறை குற்றம்சாட்டியது.

இதையெல்லாம் வைத்து எல்லாக் கடையையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால், ஒரு கடை சரிந்தால் சீட்டு கட்டியவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். ஷோரூமில் மின்னும் நகையில் பெரும்பகுதி வங்கிக் கடனில் வாங்கியதாக இருக்கலாம். கடை திவாலானால் அந்த அடமானத்தின் மீது வங்கிக்குத்தான் முதல் உரிமை. சீட்டு கட்டியவர் கையில் இருப்பது வெறும் ரசீது. அவர் பிணை எதுவும் இல்லாத கடன்காரர்.

கிராம் திட்டத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜனவரி விலையில் உங்களுக்கு எடையை வரவு வைத்த கடை, அன்றைக்கே அந்த அளவு தங்கத்தை வாங்கி வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் பணத்தை வேறு எதற்காவது போட்டிருந்தால், 2025 மாதிரி விலை எகிறும்போது பழைய விலையில் ஒப்புக்கொண்ட தங்கத்தைப் புது விலையில் வாங்கித் தர வேண்டும். ஆயிரக்கணக்கான பேருக்கு அப்படித் தர வேண்டியிருந்தால் சின்னக் கடைகள் திணறிவிடும்.

அறிகுறிகள் முன்னாடியே தெரியும். முதிர்வு முடிந்தவர்களிடம் ‘அடுத்த வாரம் வாங்க’ என்று தொடர்ந்து சொல்வார்கள். ஷோகேஸில் நகை குறையும். முடிந்த சீட்டை எடுக்கவிடாமல் ‘இன்னொரு வருஷம் போடுங்க, டபுள் போனஸ்’ என்பார்கள். மாதாமாதம் வட்டி, ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அது நகைக்கான முன்பணம் என்ற வரம்பையே தாண்டிவிட்டது. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ம் ஆண்டுச் சட்டம் கம்பெனிக்கு மட்டுமல்ல, தனிநபர் நடத்தும் கடை, கூட்டு வியாபாரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

புகார் கொடுக்கலாம். சொன்ன போனஸைத் தரவில்லை, விதியை மாற்றிவிட்டார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடையே மூடிவிட்டால் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ். தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொத்தை முடக்கி விற்றுத் தர வழி இருக்கிறது. ஆனால் காலம் பிடிக்கும். அது திருப்பூருக்கே நன்றாகத் தெரியும். 2009-ல் வெடித்த பாசி நிறுவன மோசடியில், கோவை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2022 ஆகஸ்டில்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. என் பணம் ரூபாயாக வரவா, கிராமாக வரவா? ரசீதில் அது இருக்குமா?

2. போனஸ் என்பது ரூபாயா, சேதாரத் தள்ளுபடியா? தள்ளுபடி என்றால் எத்தனை சதவீதம் வரை, எந்த நகைக்கு, எவ்வளவு எடைக்கு?

3. நான் எடுக்க நினைக்கும் நகைக்கு இன்றைக்குச் சேதாரம் எவ்வளவு? (இந்த எண்ணைப் பக்கத்துக் கடை எண்ணோடு ஒப்பிடுங்கள்.)

4. நடுவில் நிறுத்தினால் எடை நிற்குமா, பணம் திரும்புமா, எப்போது?

5. முதிர்வு எந்தத் தேதி? அதன்பின் எத்தனை நாளுக்குள் நகை எடுக்க வேண்டும்?

இந்த ஐந்துக்கும் பதில் பாஸ்புக்கிலோ விண்ணப்பத்திலோ எழுத்தில் இருக்க வேண்டும். கேட்டில் நோட்டீஸ் கொடுப்பவரிடம் ரொக்கமாகக் கொடுக்காமல், கடையில் நேரில் கட்டி அச்சடித்த ரசீது வாங்குங்கள், அல்லது கடையின் பெயரிலேயே உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். கடைசியில் நகை வாங்கும்போது, பிஐஎஸ் முத்திரை, 22K916, ஆறு இலக்க ஹெச்யுஐடி மூன்றும் நகையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆறு இலக்கத்தை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால், அது எந்தக் கடையின் நகை, எத்தனை காரட் என்பது தெரிந்துவிடும்.

ஒழுங்கான கடைக்காரருக்கு இந்தக் கேள்விகள் சங்கடமாக இருக்காது. ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி, கீழே கையெழுத்தும் போட்டுத் தருவார். ‘அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க, இன்னிக்குச் சேர்ந்தாத்தான் வெள்ளிக் காசு’ என்று அவசரப்படுத்தினால், அந்த வெள்ளிக் காசின் விலை என்ன என்று வீட்டுக்குப் போய் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். போனஸ் பணம் ஒரு ராத்திரி வீட்டில் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.